ஏழாம் எண் முளைக்கம்பி

2024 நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம், டர்பனில் எங்கள் துறையின் தேநீர் அறையில், நான் விடைபெறும் உரை ஒன்றைப் பேசினேன். கொடுத்த நேரம் ஐந்து நிமிடம். எடுத்துக்கொண்டது ஆறு நிமிடம் நாற்பது வினாடி. எழுத எடுத்தது பதினாறு நாள். நான்கு ஆண்டு ஆய்வேட்டில் ஒரு அத்தியாயத்துக்குக்கூட நான் இவ்வளவு அடித்துத் திருத்தியதில்லை.

வெளிநாட்டு மாணவர்களுக்கு இந்தத் தேநீர்க் கூட்டம் எவ்வளவு பெரியது என்பது உள்ளூர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியாது. எங்கள் துறையில் முனைவர் பட்டத்துக்கு வாய்மொழித் தேர்வு கிடையாது. ஆய்வேடு தேர்வாளர்களுக்குப் போகும், அறிக்கைகள் வரும், திருத்திக் கொடுத்தால் முடிந்தது. பட்டமளிப்பு விழா ஏப்ரல், மே மாதங்களில்தான். அதற்குள் விசா முடிந்து பாதிப் பேர் விமானம் ஏறியிருப்பார்கள். இருந்தாலும் மேடையில் பெயரை வாசித்து, பத்து வினாடி நடக்கவிட்டு, அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார்கள். ஆக, நம்மோடு நான்கு வருடம் இருந்தவர்கள் முன்னால் எழுந்து நின்று பேசக் கிடைப்பது இந்த ஒரு கூட்டம்தான். சமோசாத் தட்டும் பிளாஸ்டிக் கோப்பைகளும் ஒரு பக்கம் இருக்க, துறைத்தலைவர் இரண்டு வார்த்தை சொல்வார், வழிகாட்டி அறிமுகப்படுத்துவார், அப்புறம் மாணவர் பேச வேண்டும். அன்று மூன்று பேர் கிளம்பினோம். நான், ஜிம்பாப்வேயிலிருந்து வந்த ஒரு பெண், லெசோத்தோக்காரப் பையன் ஒருவன்.

என் முதல் வரைவு முழுக்கக் கோவில்பட்டிப் பாணி. நம் ஊர் மேடைகளில் விளித்து முடிக்கவே அரை மணி ஆகுமே, அப்படி. துறைத்தலைவர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே என்று ஆரம்பித்து ஆய்வக உதவியாளர் வரை இறங்கி வந்தேன். இங்கே அதற்கு ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறார்கள். பேச வருகிறவர் எழுந்ததும், 'ஆல் ப்ரோட்டகால் அப்சர்வ்ட்' என்பார். வரிசைப்படி எல்லோருக்கும் வணக்கம் சொன்னதாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். தென்னாப்பிரிக்காவில் அமைச்சர் பேச்சிலிருந்து கல்யாணப் பேச்சு வரை இதைக் கேட்கலாம். மூன்றே வார்த்தையில் என் முதல் பக்கம் காலி. நம் ஊருக்கு இதை யாராவது இறக்குமதி செய்தால் தேவலை.

வரைவை எங்கள் வீட்டு ஆன்ட்டியிடம் வாசித்துக் காட்டினேன். ஆன்ட்டி என்பது நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர், எழுபது வயதைத் தாண்டியவர். 1860இல் ஆரம்பித்து 1911 வரை கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளாக ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கப்பலில் இங்கே வந்து இறங்கினார்கள். ஆன்ட்டியுடைய ஆயாவின் அம்மா அவர்களில் ஒருவர். வீட்டில் பேச்சு ஆங்கிலம்தான். தமிழ் என்று பார்த்தால் ரசம், கூழ், சாமி, ஆயா, அய்யோ, அப்புறம் ஆங்கில எழுத்தில் அச்சடித்த புத்தகத்தைப் பார்த்துக் கோவிலில் பாடும் தேவாரம். ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது வாளியைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக நிற்பார்.

அடுப்புக்கு வைக்கும் மணிக்கடிகாரத்தை ஐந்து நிமிடத்துக்குத் திருகி வைத்துவிட்டுப் பட்டாணி உரித்துக்கொண்டே கேட்டார். மணி அடித்தபோது நான் பாதியைக்கூட எட்டவில்லை. எழுதியது 1,480 சொல். ஆங்கிலத்தை அவசரப்படாமல் உரக்கப் படித்தால் நிமிடத்துக்குச் சுமார் 130 சொல் போகும். பதினோரு நிமிடத்துக்கும் மேல் வருகிறது. ஐந்து நிமிடத்துக்கு 650 சொல்தான் தாங்கும். அதிலும் கைதட்டுக்கும் சிரிப்புக்கும் தொண்டை அடைப்பதற்கும் இடம் விட்டால் 600. என் வரைவில் பெயர்கள் மட்டும் முப்பத்தொன்று.

நீளத்தைப் பற்றி ஆன்ட்டி ஒன்றும் சொல்லவில்லை. "எல்லாரையும் நல்லவங்கன்னு சொல்லிட்ட. அவங்க என்ன செஞ்சாங்க?" என்று கேட்டார். அவர் கேட்டது ஆங்கிலத்தில். என் காதில் விழுந்தது எங்கள் ஊர்க் கிழவி குரலில்.

அன்று இரவு ஒரு சோதனை செய்து பார்த்தேன். ஒரு வாக்கியத்தில் இருக்கும் பெயரை எடுத்துவிட்டு இன்னொரு பெயரைப் போட்டேன். 'இடைவிடாத ஆதரவுக்கும் வழிகாட்டுதலுக்கும் நன்றி' என்பது என் பேராசிரியருக்கு எழுதியது. அதில் நூலகரைப் போட்டாலும் பொருந்தியது, கணக்குப் பிரிவு அம்மாவைப் போட்டாலும் பொருந்தியது. அப்படிப் பொருந்திய எல்லாவற்றையும் அடித்தேன். 1,480 சொல்லில் மிஞ்சியது இருநூறு சொச்சம். அதில் பாதி என் பெயர், என் ஊர், ஆய்வுத் தலைப்பு.

சரி, யார் என்ன செய்தார்கள்?

என் ஆய்வு, கரும்பு போட்ட சரிவு நிலத்திலிருந்து மழை எவ்வளவு மண்ணை அள்ளிக்கொண்டு போகிறது என்பது பற்றி. டர்பனுக்கு வடக்கே ஒரு சரிவில் பன்னிரண்டு பாத்திகள் போட்டிருந்தேன். ஒவ்வொன்றும் இரண்டு மீட்டர் அகலம், பத்து மீட்டர் நீளம். சுற்றிலும் தகரம், கீழ் முனையில் ஒரு பீப்பாய். மழை பெய்தால் பாத்தியிலிருந்து ஓடிவரும் தண்ணீரும் சேறும் பீப்பாயில் விழும். மறுநாள் போய் அதை நன்றாகக் கலக்கி ஒரு லிட்டர் எடுத்து, வடிகட்டி, அடுப்பில் உலர்த்தி, எடை போட வேண்டும். ஒவ்வொரு பாத்தியின் தலைமாட்டிலும் எண் குத்திய இரும்பு முளைக்கம்பி ஒன்று.

2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் டர்பனில் பெய்த மழை இந்த ஊர் மறக்காத மழை. சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கும் மேல். நானூறுக்கும் அதிகமானவர்கள் இறந்துபோனார்கள். அதற்கு நடுவில் என் பன்னிரண்டு பாத்திகளைப் பற்றிப் பேசவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் அன்று அவைதான் என் உலகம். பாதை திறந்ததும் என் பேராசிரியர் தன் பக்கியை எடுத்துக்கொண்டு வந்தார். பக்கி என்று இங்கே சொல்வது பின்னால் திறந்த சின்ன வண்டியை. முதல் வருடம், 'உன்னைப் பக்கியில் கூட்டிப்போகிறேன்' என்று அவர் சொன்னபோது திட்டுகிறாரோ என்று பயந்திருக்கிறேன்.

சரிவில் பாத்தி இருந்த இடமே தெரியவில்லை. தகரம் இல்லை, பீப்பாய் இல்லை. அவர் ஆறுதலாக ஒரு வார்த்தை பேசவில்லை. ஆய்வேட்டை என்ன செய்வது என்றும் பேசவில்லை. ரப்பர் பூட்ஸோடு சேற்றில் இறங்கி, கையில் ஒரு குச்சியை வைத்துக் குத்திக் குத்தி முளைக்கம்பிகளைத் தேடினார். இரண்டு மணி நேரம். அறுபது வயதுக்காரர். மூன்று கிடைத்தன: 2, 7, 11. மூன்று கம்பி கிடைத்தால் போதும், பழைய வரைபடத்தை வைத்து மற்ற ஒன்பது இடத்தையும் அளந்துவிடலாம் என்பது அவர் கணக்கு. அளந்தோம். அதே இடத்தில் மறுபடி பாத்தி போட்டோம். வெள்ளத்துக்கு முன்னும் பின்னும் ஒரே சரிவு எப்படி நடந்துகொண்டது என்பதே அப்புறம் என் மூன்றாம் அத்தியாயம் ஆனது.

உரையில் இதைச் சொல்ல எனக்குத் தேவைப்பட்டது ஐந்து வாக்கியம். கூடவே கையில் ஏழாம் எண் கம்பி. துருப்பிடித்து, முனை வளைந்து, 7 மட்டும் அழியாமல் இருக்கும். அதைத் தூக்கிக் காட்டியதும் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். நான் நன்றி என்ற சொல்லை அங்கே பயன்படுத்தவே இல்லை.

அடுத்தது ஆய்வகத் தொழில்நுட்பர். இவருக்கு முதல் வரைவில் நான் எழுதியிருந்தது 'அன்பான உதவிக்கு'. அவர் செய்தது என்னவென்றால், ஒரு பள்ளிக்கூட நோட்டு போட்டார். 2023 தென்னாப்பிரிக்காவில் மின்வெட்டு உச்சத்தில் இருந்த வருடம். என் மண் மாதிரிகள் 105 டிகிரியில் 24 மணி நேரம் காய வேண்டும், எடை இறங்குவது நிற்கும் வரை. நடுவில் மின்சாரம் போனால் அடுப்பு ஆறிவிடும். மின்சாரம் திரும்பி வந்தாலும் எங்கள் அடுப்பு தானாகப் பற்றாது, யாராவது வந்து பொத்தானை அழுத்த வேண்டும். வராவிட்டால், மறுநாள் காலையில் பார்க்கிறவருக்கு மாதிரி காய்ந்த மாதிரியே இருக்கும். ஆனால் உள்ளே ஈரம் இருக்கும். எடை கூடுதலாகக் காட்டும், மழை அள்ளிப்போன மண்ணும் காகிதத்தில் கூடுதலாகிவிடும். இது எளிதில் கண்ணுக்குத் தெரியாத தப்பு. அவர் அந்த நோட்டை அடுப்புக்குப் பக்கத்தில் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, எப்போது நின்றது, எப்போது போட்டேன் என்று பென்சிலால் எழுதிவந்தார். ஒவ்வொரு மாதிரிக்கும் நிகரமாக எத்தனை மணி நேரம் சூடு பட்டது என்பதை அதைப் பார்த்துத்தான் கூட்டினேன்.

அந்த நோட்டில் ஒரு வரி: 'ஞாயிறு, காலை 5.40, மறுபடி போட்டேன்.' ஞாயிறு அவருக்கு வேலை நாள் இல்லை. முதல் டாக்ஸி பிடித்து வந்து, ஒரு பொத்தானை அழுத்திவிட்டு, அங்கிருந்து தேவாலயத்துக்குப் போயிருக்கிறார். எனக்கு அது ஒரு மாதம் கழித்து நோட்டைப் புரட்டும்போதுதான் தெரிந்தது. உரையில் அந்த வரியை அப்படியே வாசிப்பது என்று முடிவு செய்தேன்.

ஆனால் அவரை எப்படி அழைப்பது? பெயர் சொல்லி அழைக்க வயது இடம் கொடுக்காது. 'மிஸ்டர்' போட்டால் அலுவலகக் கடிதம் மாதிரி ஆகும். ஆய்வகத் தோழி ஒருத்தி, ஜூலுப் பெண், ஒரு வழி சொன்னாள். ஜூலுக்களில் ஒவ்வொரு குடிப்பெயருக்கும் புகழ்ப்பெயர்கள் உண்டு, இஸிதாகஸெலோ என்பார்கள். மரியாதையும் நெருக்கமும் ஒன்றாகக் கலந்து கூப்பிடும்போது அதைச் சொல்லுவார்கள். மண்டேலாவை எல்லோரும் மடிபா என்றார்களே, அது அவருடைய கோசாக் குலப்பெயர்தான். ஜூலுக்களிடமும் அதே வழக்கம். நம் தொழில்நுட்பர் குமாலோ குடியைச் சேர்ந்தவர், குமாலோக்களை 'ம்ன்துங்வா' என்று அழைப்பார்கள். தவறான பெயரைச் சொன்னால் அவமானம் என்பதால், அலுவலகத்து அம்மா ஒருவரிடமும் தனியாகக் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

தோழி இன்னொன்றும் சொன்னாள். ஜூலுவில் நன்றி சொல்கிறேன் என்பதற்கு 'ங்கியபோங்கா'. அந்த 'போங்கா' என்ற வினைக்கு நன்றி சொல்வது, புகழ்வது என்று இரண்டு பொருளும் உண்டு. அரசனைப் பாடும் புலவனுக்கு 'இம்போங்கி' என்று பெயர் வந்ததும் அதிலிருந்துதான். நம்மிடம் அது வேறு மாதிரி. பழந்தமிழில் நன்றி என்பது ஒருவர் நமக்குச் செய்த நன்மையையே குறிக்கும். செய்ந்நன்றி மறப்பது என்றால் செய்த நன்மையை மறப்பது. நாம் திருப்பிச் சொல்லும் சொல்லாக அது ஆனது பிற்பாடு. அப்படிப் பார்த்தால் ஆன்ட்டி பட்டாணி உரித்தபடி கேட்டது பழைய தமிழ்க் கேள்விதான். ஞாயிற்றுக்கிழமை காலை 5.40தான் அந்த நன்றி. நான் செய்ய வேண்டியது அதை மறக்காமல் சொல்வது மட்டும்.

பெயர் உச்சரிப்பு ஒரு தனிப்பாடு. நண்பர்கள் வரிசையில் மூன்று பெயர்களில் சொடக்கு ஒலி வந்தது. ஆங்கில எழுத்தில் சி, க்யூ, எக்ஸ் என்று எழுதுகிறார்களே, ஜூலுவில் அவை மூன்றும் நாக்கால் போடும் சொடக்குகள். செபிலே, ந்கோபிலே, ஸோலானி என்று நான் நான்கு வருடமும் மழுப்பிக்கொண்டிருந்தேன். ஒருவரை எல்லோர் முன்னாலும் வைத்து நன்றி சொல்லும்போது அவர் பெயரையே தப்பாகச் சொன்னால், மிச்சம் சொல்வது எதுவும் ஏறாது. உட்கார்ந்து பழகியபோது ஒரு வேடிக்கை தெரிந்தது. இவை நமக்குப் புதிய ஒலிகளே இல்லை. சி என்பது நாம் பரிதாபப்பட்டு உச்சுக் கொட்டுகிற அதே சத்தம். எக்ஸ் என்பது வண்டிமாட்டை ஓட்டும்போது கன்னத்தோரம் எழுப்புகிற சத்தம், என் தாத்தா நாள் முழுக்க எழுப்பியது. க்யூ மட்டும் கொஞ்சம் பாடுபடுத்தியது. நாக்கை மேலண்ணத்தில் அப்பி வைத்துப் பட்டென்று கீழே விட வேண்டும், சீசாவின் தக்கை பிடுங்குகிற மாதிரி. நாம் இவற்றை வார்த்தைக்கு வெளியே வைத்திருக்கிறோம். அவர்கள் வார்த்தைக்கு உள்ளே வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். தாளில் அந்த மூன்று பெயர்களையும் தமிழில் எழுதி, சொடக்கு வரும் இடத்தில் உச், தக்கை, மாடு என்று குறித்துக்கொண்டேன்.

நண்பர்களுக்கு அதற்கு மேல் நேரம் ஒதுக்கவில்லை. வெள்ளிக்கிழமை இரவுகளில் எனக்குத் துனி ஆடக் கற்றுக்கொடுத்து, ஒரு தடவைகூட ஜெயிக்கவிடாததற்காக என்று ஒரே வாக்கியம். துனி டர்பன் இந்தியர்களின் சீட்டாட்டம். 'தண்ணி' என்ற நம் சொல்லிலிருந்து வந்த பெயர் என்கிறார்கள். ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20 என்று போய் மொத்தப் புள்ளி 304 வரும். யாழ்ப்பாணத்தார் ஆடும் 304-க்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம்.

அம்மாவிடம் வந்தபோதுதான் பேனா நின்றது.

கோவில்பட்டியில் அம்மா தீப்பெட்டிக் கம்பெனியில் குச்சிகளைச் சட்டத்தில் அடுக்கும் வேலை பார்த்தவர். முதல் வரைவில் தியாகம், கண்ணீர், வியர்வை எல்லாம் இருந்தது. போனில் தமிழில் சொல்லிக்காட்டினேன். கடைசியில் 'அம்மாவுக்கு நன்றி' என்று முடித்ததும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "என்னடி, கடைக்காரங்கிட்டச் சில்லறை வாங்கிட்டுச் சொல்ற மாதிரி சொல்ற?" என்றார். கோபமில்லை, நிஜமாகவே சங்கடப்பட்டுவிட்டார். நம் வீடுகளில் அந்தச் சொல் வெளியாளுக்கு உரியது. பெற்றவளிடம் சொன்னால் ஒரு அடி தள்ளி நிறுத்துகிற மாதிரி. இதை ஆங்கிலத்தில் கேட்கிறவர்களுக்கு விளக்குவது எப்படி? விளக்க வேண்டாம் என்று தோன்றியது. அம்மா என்ன செய்தார் என்ற கேள்விக்கே திரும்பிப் போனேன்.

நான்கு வருடமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசியிருக்கிறோம். ஊரில் பார்க்கிறவர்கள் எல்லாம், படிப்பு எப்போது முடியும், கல்யாணம் எப்போது என்று அம்மாவைக் குடைந்தெடுத்தார்கள் என்று அக்கா சொல்லித் தெரியும். அம்மா அதை ஒரு தடவைகூட என்னிடம் கடத்தவில்லை. போனை எடுத்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்: "அங்க மழையா?" மழை பெய்தால்தான் மகளுக்குப் பீப்பாயில் சேறு விழும், சேறு விழுந்தால்தான் படிப்பு நகரும் என்று முதல் வருடமே புரிந்து வைத்துக்கொண்டார். ஐப்பசியில் எங்கள் கரிசலிலும் மழை, டர்பனிலும் அப்போது மழைக்காலம் தொடங்கியிருக்கும். அந்த மாதங்களில் இரண்டு பக்கமும் மழைக்கணக்குப் பேசியே போனில் காசு கரையும்.

ஆக, உரையின் கடைசிப் பகுதியில் இதைத்தான் ஆங்கிலத்தில் சொன்னேன். சொல்லிவிட்டு, இப்போது என் அம்மாவிடம் தமிழில் ஒரு வாக்கியம் பேசப்போகிறேன், அவருக்கு ஆங்கிலம் தெரியாது, நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

நடந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். போனைப் பார்த்துப் படிக்கவில்லை. பதற்றத்தில் திரை அணையும், விரல் பட்டு வேறு பக்கம் ஓடும். பெரிய எழுத்தில் அச்சடித்த நான்கு தாள், மூலையில் எண் போட்டு, பின் அடிக்காமல். ஒரு நினைப்புக்கு ஒரு வரி, வரி முடிகிற இடத்தில் மூச்சு. அம்மாவை ஒரு தோழியின் போனில் காணொளியில் வைத்திருந்தோம். இங்கே மதியம் ஒரு மணி, ஊரில் மாலை நாலரை. பத்து நிமிடம் முன்பே அழைத்து, அந்தப் பக்கத்துச் சத்தத்தை நிறுத்தி வைத்தோம். இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுத் தையல் மிஷின் சத்தம் அறை முழுக்கக் கேட்டிருக்கும்.

'ம்ன்துங்வா' என்று நான் சொன்ன நொடியில் அறையின் பின்பக்கம் ஒரு சத்தம் எழுந்தது. கைதட்டு இல்லை, அதற்கு முந்தியது, பத்துப் பேர் ஒன்றாக 'ஹேய்' என்பது. ஜூலுவில் பாபா என்றால் அப்பா. குமாலோ பாபா நிமிரவில்லை. நான் நோட்டு வரியை வாசித்தபோது தலையை மட்டும் மெதுவாக ஆட்டினார், ஆமாம், 5.40தான் என்று சரிபார்ப்பவர் மாதிரி. கூடுதலாகப் போனதில் ஒரு நிமிடம் அங்கே போனது.

அழுகை அம்மா பகுதியில் வரும் என்று எதிர்பார்த்து அங்கே சின்னச் சின்ன வரியாக எழுதி வைத்திருந்தேன். வந்தது ஆன்ட்டி பகுதியில். வெள்ளத்தில் என் பழைய அறைக்குள் தண்ணீர் புகுந்தபோது, இரண்டு ராத்திரி தங்கிக்கொள் என்று கூட்டிவந்தவர். அந்த இரண்டு ராத்திரி இரண்டரை வருடம் ஆனது. நான் சொல்ல எடுத்தது அதைக்கூட இல்லை. நான் வயலுக்குப் போகிற நாளில் எல்லாம், சாயங்காலம் திரும்பும்போது பின்வாசலில் இருந்து குளியலறை வரை பழைய செய்தித்தாள் விரித்திருப்பார். பூட்ஸை வெளியே கழற்றி வைத்துவிட்டு வா என்று ஒரு நாளும் சொன்னதில்லை. மண்ணோடு உள்ளே வரலாம் என்பதற்கு ஒரு பாதை. 'நியூஸ்பேப்பர்' என்ற சொல்லைச் சொல்லும்போது தொண்டை அடைத்துக்கொண்டது. யார் அழுவார்கள் அந்தச் சொல்லுக்கு? தண்ணீர் ஒரு வாய் குடித்தேன், கம்பியை இறுக்கிப் பிடித்தேன், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். முன்வரிசையிலிருந்து ஆன்ட்டி, "மெதுவா, கேர்ள், மெதுவா" என்று அறைக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள், எனக்கும் குரல் திரும்பியது.

அப்புறம் போன் பக்கம் திரும்பி, "அம்மா, இன்னிக்கு இங்க மழைம்மா" என்றேன். நிஜமாகவே வெளியே தூறிக்கொண்டிருந்தது. திரையில் அம்மா வாயசைத்தார், சத்தம் நிறுத்தியிருந்ததால் ஒன்றும் கேட்கவில்லை. ராத்திரி கேட்டேன், என்ன சொன்னீங்க என்று. "பலத்த மழையான்னு கேட்டேன்" என்றார்.

ஆன்ட்டி வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் காரில் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பழகிக்கொண்டே வந்தார். 'மலே' வந்தது, 'மளை' வந்தது. ழ மட்டும் வரவில்லை. என் க்யூவுக்கு நான் பட்ட பாடு நினைவு வந்து, நான் உச்சுக் கொட்டினேன்.

முப்பத்தொரு பெயரில் உரைக்குள் வந்தது ஒன்பது. மிச்சம் இருபத்திரண்டு பேருக்கும் கையால் அட்டை எழுதி, ஒவ்வொன்றிலும் அவர் செய்த ஒரு காரியத்தைக் குறிப்பிட்டுக் கொடுத்தேன். நூலகத்தில் எனக்காக ஒரு நாற்காலியை மறைத்து வைத்தவருக்கு, தட்டச்சுப் பிழையோடு போன விண்ணப்பத்தைக் கேட்டு வாங்கித் திருத்தியவருக்கு. யாரையும் விடவில்லை என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் சனிக்கிழமை இரவு, ஆய்வகத்தில் என் சாமான்களை எடுத்துக்கொண்டு ஒன்பதரைக்கு வெளியே வந்தேன். வாசலில் காவலாளி டார்ச்சை எடுத்துக்கொண்டு எழுந்தார். நான்கு வருடமாக, இருட்டிய பிறகு நான் கிளம்பும் ஒவ்வொரு நாளும், பேருந்து நிற்கும் கீழ் வாசல் வரை கூட நடந்து வந்தவர். என் முப்பத்தொன்றில் அவர் இல்லை. அட்டைகளிலும் இல்லை. பட்டியலைப் பகல் நேரத்தில் உட்கார்ந்து எழுதினேன், பகலில் பார்த்தவர்களே ஞாபகம் வந்திருக்கிறார்கள்.

நடந்தோம். மழை விட்டிருந்தது. பேருந்து வந்து நின்றபோது, நான் நாளை மறுநாள் ஊருக்குப் போகிறேன் பாபா என்றேன். தெரியும் என்றார், குமாலோ சொன்னாராம். அப்போதுதான் உறைத்தது, இவரை நான் இத்தனை நாளும் பாபா என்றே கூப்பிட்டிருக்கிறேன். உங்கள் பெயர் என்ன என்று கேட்டேன். சொன்னார். பெயரின் நடுவில் க்யூ இருந்தது.

முதல் தடவை எனக்குக் 'கா' என்று வந்தது. அவர் டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வாயைத் திறந்து நாக்கை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டினார். இரண்டாம் தடவையும் தப்பு. ஓட்டுநர் ஹாரன் அடித்தார். மூன்றாம் தடவை தக்கை சரியாகப் பிடுங்கியது. பேருந்தின் கதவைத் தட்டி, ஏறு என்று கையைக் காட்டினார்.